விட்டத்தை ஆரமாக்கிய விடைக்கு எத்தனை மதிப்பெண்? – கேள்வி பதில்

அளவியல் பாடம் முடிந்து தேர்வுத்தாள் கட்டு வீட்டுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே தப்பைப் பற்றித்தான். விட்டம் கொடுத்திருக்க, அதைப் பாதியாக்காமல் சூத்திரத்தில் r இருக்கும் இடத்தில் போட்டுவிடுவது. காரைக்குடிப் பக்கம் பள்ளிகளில் பல வருடம் கணக்கு நடத்தியவன் என்ற முறையில் நான் திருத்தும் விதத்தைச் சொல்கிறேன். பொதுத்தேர்வு முகாமில் கையில் கொடுக்கும் விடைக்குறிப்புதான் சட்டம். அங்கே என் பேச்சு செல்லாது.

"உருளையின் விட்டம் 14 செ.மீ., உயரம் 20 செ.மீ., கன அளவு காண்க என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தேன். சிலர் 12320 என்று எழுதியிருக்கிறார்கள், சிலர் 6160. இரண்டுமே தப்பு என்று ஒரே மாதிரி போடலாமா?" – ஓர் ஆசிரியை, தேவகோட்டை

போடக் கூடாதும்மா. இரண்டும் வேறு வேறு இடத்தில் நடந்த தப்பு.

சரியான விடை 3080 கன செ.மீ. 12320 அதைப் போல நான்கு மடங்கு. கன அளவில் r இரண்டு தடவை பெருக்கப்படுவதால், r இரண்டு மடங்கானால் விடை நான்கு மடங்காகும். அந்தப் பிள்ளை 14-ஐ அப்படியே r என்று வைத்திருக்கிறான். கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, அல்லது இரண்டுக்கும் வித்தியாசம் மனதில் நிற்கவில்லை.

6160 இரண்டு மடங்கு. இந்தப் பிள்ளைக்கு ஆரம் 14/2 என்று தெரியும். பெரும்பாலும் வரியிலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். வர்க்கம் எடுக்கும்போது மேலே உள்ள 14-ஐ மட்டும் வர்க்கமாக்கி, கீழே உள்ள 2-ஐ விட்டுவிட்டாள். 196/4 வர வேண்டிய இடத்தில் 196/2 வந்துவிட்டது. இது அளவியல் தப்பே இல்லை, பின்னத்தை அடுக்குக்கு உயர்த்துவதில் வந்த தப்பு. அவளிடம் போய் "விட்டம் வேறு, ஆரம் வேறு" என்று பத்து தடவை சொன்னாலும் அடுத்த தேர்விலும் இதையேதான் செய்வாள்.

அதனால் நான் முதலில் மாணவன் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பார்ப்பேன். உருளைக்கும் கூம்புக்கும் கன அளவில் 4 வந்தால் விட்டம் அப்படியே போயிருக்கிறது, 2 வந்தால் அடைப்புக்குறியில் சறுக்கல். கோளத்தில் r மூன்று தடவை வருவதால் முதல் தப்புக்கு 8, இரண்டாவது தப்புக்கு 4. கேள்வியில் ஆரமே கொடுத்திருந்து, பழக்க தோஷத்தில் அதையும் பாதியாக்கியவர்களும் உண்டு. அவர்கள் விடை உருளையில் கால் பங்காக, கோளத்தில் எட்டில் ஒரு பங்காக இருக்கும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். ஐந்தை நான் ஆரம் கண்டது, சூத்திரம், பிரதியிட்டது, சுருக்கியது, அலகோடு விடை என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். 12320 எழுதியவனுக்கு ஆரமும் விடையும் போகும். 14-ஐ r ஆக வைத்துக்கொண்டு அவன் செய்த பிரதியிடலும் சுருக்கலும் ஒழுங்காக இருந்தால் அவற்றை வெட்ட மாட்டேன். ஆக மூன்று. 6160 எழுதியவளுக்கு ஆரம், சூத்திரம், பிரதியிடல் மூன்றும் உண்டு. சுருக்கலும் விடையும் போகும். அவளுக்கும் மூன்றுதான். எண் ஒன்றாக இருந்தாலும் தாளில் நீங்கள் வட்டமிடும் இடம் வேறாக இருக்க வேண்டும், பிள்ளை பார்ப்பது அதைத்தான். அதே கேள்வியில் அடுத்து வளைபரப்பும் கேட்டிருந்து, அதிலும் அவன் அதே 14-ஐப் போட்டிருந்தால் ஆரத்துக்கு மறுபடி வெட்டாதீர்கள். ஒரு தப்புக்கு ஒரு தடவை போதும்.

"கூம்பின் விட்டம் 14, உயரம் 24. வளைபரப்பு 550 வர வேண்டும். ஒருவன் 1100 போட்டிருக்கிறான், இன்னொருவன் 1222 சொச்சம். நீங்கள் சொல்லும் மடங்குக் கணக்கு இரண்டாமவனுக்கு ஒத்துவரவில்லையே?" – டியூஷன் நடத்துபவர், கோட்டையூர்

ஒத்துவராதுதான். கூம்பின் வளைபரப்பில் r ஒரு தடவைதான் வெளியே தெரிகிறது. ஆனால் சாயுயரத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

1222 எழுதியவன் ஆரம்பத்திலேயே r = 14 என்று வைத்துவிட்டான். அதனால் சாயுயரம் √(196 + 576), அதாவது √772, சுமார் 27.78. அதை 44-ஆல் பெருக்கினால் 1222 சொச்சம். உண்மை விடையைப் போல 2.2 மடங்கு. முழு எண் மடங்காக வரவில்லை என்பதே, தப்பு சாயுயரத்துக்குள்ளும் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். சாயுயரம் கண்ட வழிமுறை சரிதான், அதற்குண்டானதைக் கொடுங்கள்.

1100 எழுதியவன் சுவாரசியமான ஆள். அவன் சாயுயரத்துக்கு 7 போட்டு 25 என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறான். அடுத்த வரியில் πrl எழுதும்போது கேள்வித்தாளைத் திரும்பப் பார்த்து 14-ஐ எடுத்துவிட்டான். ஆரம் தெரிந்த பிள்ளை, கவனம் போய்விட்டது. இவனுக்கு ஆரத்துக்கான மதிப்பெண்ணை வெட்டக் கூடாது, பிரதியிட்டதிலும் விடையிலும்தான் வெட்ட வேண்டும்.

உருளையின் மொத்தப் புறப்பரப்பும் இப்படித்தான். 2πr(r + h)-இல் r இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் கேள்வியின் உருளைக்குச் சரியான விடை 1188. இரண்டு இடத்திலும் 14 போட்டால் 2992. வெளியே மட்டும் போட்டால் 2376, அடைப்புக்குறிக்குள் மட்டும் போட்டால் 1496. இந்த நான்கு எண்ணையும் விடைக்குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாற்பது தாளும் சீக்கிரம் ஓடிவிடும். கேள்வி கேட்கிறவர்கள் 7, 24, 25 மாதிரி எண்களாகப் பார்த்துத்தான் போடுவார்கள், அதனால் √772 மாதிரி ஒன்று வந்தாலே எங்கேயோ இடிக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். நூற்றுக்கு நூறு நம்ப முடியாது, ஆனால் திரும்பிப் பார்க்க வைக்கும்.

"கோளத்தின் விட்டம் 21. என் மகள் 4/3 πr³ போடாமல் πd³/6 என்று எழுதி 4851 கொண்டுவந்திருக்கிறாள். சூத்திரம் தவறு என்று சுழித்துவிட்டார்கள்." – ஒரு தந்தை, புதுவயல்

சூத்திரம் சரி. r இருக்கும் இடத்தில் d/2 போட்டால் 4/3 × d³/8, அதாவது d³/6. விடையும் சரி. முழு மதிப்பெண் உண்டு. கோளத்தின் புறப்பரப்புக்கு πd², உருளையின் வளைபரப்புக்கு πdh, இவையும் சரியானவைதான். சூத்திரத்தில் d-ஐப் பார்த்ததுமே சிவப்புப் பேனா நீளுவது எங்கள் ஆட்களிடம் உள்ள வியாதி. ஆசிரியரிடம் தாளைக் கொண்டுபோய்ப் பணிவாகக் காட்டுங்கள், மாற்றிக் கொடுப்பார். மகளிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: இப்படி எழுதும்போது d/2 போட்ட அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதட்டும்.

"12 செ.மீ. விட்டமுள்ள கோளத்தை உருக்கி 2 செ.மீ. விட்டமுள்ள குண்டுகள் செய்தால் எத்தனை? ஒரு மாணவன் r = 12, r = 2 என்றே வைத்து 216 என்று சரியான விடை கொண்டுவந்துவிட்டான். என்ன செய்ய?" – பயிற்சி ஆசிரியர், பள்ளத்தூர்

கோளத்தைக் கோளமாக்கும்போது இரண்டு பக்கமும் எட்டு மடங்கு ஏறி, வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. அதனால் விடை தப்பவில்லை. "விட்டங்களின் விகிதம் 6, எனவே 6³" என்று எழுதியிருந்தால் அது அழகான வழி, முழுசாகக் கொடுங்கள். "r = 12" என்று எழுதியிருந்தால் அந்த வரி பொய். அதற்கு ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விட்டுவிடுவேன்.

அப்புறம் அதே பையனுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்: 12 செ.மீ. விட்டமும் 24 செ.மீ. உயரமும் உள்ள கூம்பை உருக்கி 4 செ.மீ. விட்டக் குண்டுகள் செய்ய வேண்டும். சரியான விடை 27. அவன் வழியில் போனால் 13.5 வரும், ஏனென்றால் கூம்பு நான்கு மடங்குதான் ஏறும், குண்டு எட்டு மடங்கு ஏறும். அரைக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பான். அப்போது சொன்னால் மண்டையில் ஏறும்.

"எங்கள் வீட்டு வளவில் உள்ள தேக்குத் தூண்களுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும். ஒரு தூணின் பரப்பைப் பேரன் கணக்குப் போட்டு 6.16 சதுர மீட்டர் என்றான். வார்னிஷ்காரர் பாதிதான் வரும் என்கிறார். தூண் 28 செ.மீ. குறுக்களவு, மூன்றரை மீட்டர் உயரம்." – ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

வார்னிஷ்காரர் சொல்வதுதான் சரி ஆச்சி. 28 குறுக்களவு என்றால் ஆரம் 14. சுற்றளவு 88 செ.மீ., அதை 350-ஆல் பெருக்கினால் 30800 சதுர செ.மீ., அதாவது 3.08 சதுர மீட்டர். பேரன் 28-ஐ ஆரமாக வைத்திருக்கிறான். அவன் கணக்குப்படி தூணின் சுற்றளவு 176 செ.மீ. ஒரு கயிற்றைக் கொடுத்து அவனையே தூணைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும்.

"விடை எழுதியதும் பிள்ளைகளே தப்பைக் கண்டுபிடிக்க வழி உண்டா?" – ஓர் ஆசிரியர், காரைக்குடி

பொருளைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 14 விட்டம், 20 உயர உருளை 14 × 14 × 20 பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். பெட்டி 3920. எனவே 12320-உம் 6160-உம் உள்ளே போகவே போகாது. 21 விட்டக் கோளத்துக்குப் பெட்டி 9261. சரியான 4851 அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. விட்டத்தை ஆரமாக்கியவன் விடை 38808.

கூம்பில் மட்டும் இந்த வழி முழுசாகக் கைகொடுக்காது. 14 விட்டம், 24 உயரக் கூம்புக்குப் பெட்டி 4704. விட்டத்தை அப்படியே போட்டால் வரும் 4928 வெளியே நிற்கிறது, பிடிபடும். ஆனால் அடைப்புக்குறியில் சறுக்கினால் வரும் 2464 பெட்டிக்குள் சௌகரியமாக அடங்கிவிடுகிறது. அதைப் பிடிக்க, கூம்பு தன் பெட்டியில் கால் பங்குக்கு ஒட்டியே இருக்கும் என்பது தெரிய வேண்டும். சரியான விடையான 1232 அப்படித்தான் இருக்கிறது.