மாற்றுத்திறன் பிள்ளைகளின் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற முறை பள்ளி வாகனங்களைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்கள் இவை. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் என்று டர்பனைச் சுற்றித்தான் பெரும்பாலும். பெயர்களை எடுத்துவிட்டேன், குடும்ப விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கே: என் பிள்ளைக்கு முதுகில் நீலமாக இருக்கிறது. யாராவது அடித்திருப்பார்களா? உடனே பதில் எழுதவும்.

வயது என்ன? நடக்கிற பிள்ளையா, படுத்தே இருக்கிற பிள்ளையா? எத்தனை நாளாக இருக்கிறது? ஒன்றுமே எழுதாமல் உடனே பதில் என்றால் நான் எங்கே போவேன்?

நம் பிள்ளைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பின் கீழும் பிட்டத்திலும் நீலத் திட்டு இருக்கும். அது நாள்கணக்கில் நிறம் மாறாது, தொட்டால் வலிக்காது. அடிபட்டுக் கன்றிய இடம் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை, மஞ்சள் என்று மாறி மறைந்துவிடும். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் வருவது சகஜம். காது, கழுத்து, வயிறு, தொடையின் உட்புறம் என்றால் கேள்வி கேட்க வேண்டும். தானாக நகரவே முடியாத பிள்ளையின் உடம்பில் எந்த இடம் கன்றியிருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். யாரோ தூக்கினார்கள், யாரோ வைத்தார்கள், அது யார் என்று தெரிந்தாக வேண்டும். இன்றைக்கே டாக்டரிடம் காட்டி, அவர் பார்த்ததைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கே: மகனுக்கு 10 வயது, மூளை வாதம். பேச்சு இல்லை, இன்னும் நாப்பிதான். 'அந்தரங்க இடத்தை யாரும் தொடக்கூடாது' என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். இவனுக்கு அது புரியுமா?

புரியுமா என்பதற்கு முன்னால், அது உங்கள் வீட்டில் உண்மையா என்று பாருங்கள். தினமும் நாலைந்து முறை யாரோ அவன் நாப்பியை மாற்றுகிறார்கள். 'யாரும் தொடக்கூடாது' என்பது காலையில் எழுந்த உடனேயே உடைகிற விதி. அதனால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பெரியவர்கள் எது செய்தாலும் பேசாமல் இருக்க வேண்டும்.

அவனுக்கு வேறு விதி வேண்டும். யார், எதற்கு, எப்படி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். யார்: அம்மா, ஆயா, பள்ளியில் இன்ன உதவியாளர். அவர்களுடைய போட்டோவைச் சுவரில் ஒட்டுங்கள். எதற்கு: சுத்தம் செய்ய, மருந்து போட, அவ்வளவுதான். எப்படி: தினமும் ஒரே வரிசையில், ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே. 'இப்போ டேப்பை எடுக்கிறேன். இப்போ துடைக்கிறேன். முடிஞ்சது.' முடிந்த பிறகும் ஒரு கை அங்கேயே இருந்தால், வரிசை தப்பியது அவனுக்கே தெரியும். பேச்சு இல்லாத பிள்ளைக்கும் வரிசை தெரியும்.

அப்புறம், அவன் கையால் முடிந்ததை அவனே செய்யட்டும். துணியைப் பிடிக்க முடிந்தால் உங்கள் கை அவன் கைமேல் இருக்கட்டும், துடைப்பது அவனாக இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவும் பழக்க வேண்டும். அதை நாப்பி மாற்றும்போது பழக்க முடியாது. சோறு ஊட்டும்போது தலையைத் திருப்பினால் ஸ்பூனைக் கீழே வையுங்கள். எந்தச் சட்டை என்று இரண்டைக் காட்டி, அவன் கண் போன சட்டையைப் போடுங்கள். தலையைத் திருப்பினால் எதிரே இருப்பவர் நிறுத்துவார் என்பதைத் தினமும் பார்க்காத பிள்ளை, ஆபத்தில் மட்டும் திருப்பிக் காட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்த படப் பலகையையும் எடுத்துப் பாருங்கள். பந்து, தண்ணீர், டிவி, கார் எல்லாம் இருக்கும். ஆண்குறி, பிட்டம், வலி, பயம், நிறுத்து, 'இவர் என்னைத் தொட்டார்' இருக்கிறதா? பெரும்பாலான பலகைகளில் இருப்பதில்லை. சேர்த்துத் தரச் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் நீங்களே வரைந்து ஒட்டுங்கள். அவனைச் சுற்றி உள்ளவர்களின் போட்டோவும் அதில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். உங்களைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகிக்கிற பலகை நல்ல பலகை அல்ல.

கே: காவடி விழாவில் உறவுக்காரர்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். மகளுக்கு ஆட்டிசம், அவளுக்குப் பிடிக்கவில்லை.

கும்பிடச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளும் பெரியம்மாவை நீங்கள் சமாளியுங்கள்.

கே: பேத்திக்கு 9 வயது, டவுன் சிண்ட்ரோம். வேன் டிரைவரைப் பற்றி என்னிடம் ஏதோ சொன்னாள். வீட்டில் எல்லோரும் கூடி விசாரித்தோம். முதலில் ஆமாம் என்றாள், பிறகு இல்லை என்கிறாள். பெரிய மகன் அதை போனில் வீடியோ எடுத்திருக்கிறான். ஆதாரம் இல்லாமல் போலீசுக்குப் போகக்கூடாது என்கிறான். என்ன செய்வது? – ஆயா, சாட்ஸ்வொர்த்

ஆயா, உங்கள் மேல் கோபம் இல்லை. இந்த 'வீட்டு விசாரணை' மேல்தான் கோபம். இதே பத்தியில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் மற்ற பகுதியில் இருக்கிறதை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு வருடமாகப் படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கிறாள். செவ்வாயும் வியாழனும் வேனில் ஏற மாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், மற்ற நாள் ஏறுகிறாள். அந்த இரண்டு நாளும் உதவியாளர் அம்மா வருவதில்லை. பள்ளியில் கேட்டால் 'டவுன் பிள்ளைகள் பிடிவாதம்தான்' என்றார்களாம். ஊனத்தின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் மூடுவது என்பது இதுதான். டவுன் சிண்ட்ரோமுக்குக் கிழமை தெரியாது. ஒரு நாள், ஒரு ஆள், ஒரு இடம் என்று ஒட்டிக்கொண்டு வருகிற மாற்றம்தான் கவனிக்க வேண்டிய மாற்றம். படுக்கை நனைவதற்குச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் காரணமாகலாம், டாக்டர் அதையும் பார்க்கட்டும். ஆனால் அவை செவ்வாய், வியாழன் பார்த்து வராது.

இதெல்லாம் இருக்க, ஆறு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டால் என்ன ஆகும்? கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலரும் பெரியவர் கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். அதையே மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துப் பதிலை மாற்றுவார்கள். உங்கள் பேத்தி 'இல்லை' என்றது நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை, நடந்தது என்பதற்கும் சாட்சி இல்லை. ஐந்தாவது முறை கேட்டதற்குக் கிடைத்த பதில், அவ்வளவுதான். நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது 'இதை யார் யார், எத்தனை முறை கேட்டீர்கள்?' என்றுதான். அந்த வீடியோவை உங்கள் மகன் அழிக்க வேண்டாம், எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடவும் வேண்டாம். போலீசிடம் மட்டும் காட்டட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அவள் உங்களிடம் முதலில் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், கையால் காட்டியதையும் சேர்த்து. நீங்கள் திருத்தி எழுத வேண்டாம். அவள் 'புஸ்ஸு' என்றால் 'புஸ்ஸு'தான். தேதி, நேரம், அப்போது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதும் வேண்டும். அவள் முதலில் சொன்னது உங்களிடம்தான், அதனால் உங்கள் வாக்குமூலம் முக்கியம். இனி யாரும் கேட்கக்கூடாது. அவளாகச் சொன்னால் 'அப்புறம்?' என்பதோடு நிறுத்துங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். நாளையிலிருந்து அந்த வேன் வேண்டாம். டிரைவரிடம் சண்டைக்கும் போக வேண்டாம்.

ஆதாரம் தேடுவது உங்கள் மகன் வேலை இல்லை. பாலியல் குற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் உடனே போலீசில் சொல்ல வேண்டும் என்கிறது. 2022 முதல் நியாயமான சந்தேகம் இருந்தாலே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்தால் ஐந்து வருடம் வரை சிறை. நிலையத்தில் குடும்ப வன்முறை, குழந்தைப் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள்.

கடைசியாக நடந்தது மூன்று நாளுக்குள் என்றால் போலீஸ் நிலையத்தைக்கூட அப்புறம் பார்க்கலாம், நேரே ஆர்.கே. கான் மருத்துவமனையில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கிற துதுசேலா மையத்துக்குப் போங்கள். பீனிக்ஸ்காரர்களுக்கு மகாத்மா காந்தி மருத்துவமனையில் இருக்கிறது. குளிப்பாட்ட வேண்டாம். போட்டிருந்த உடையைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது. சிகிச்சை வழக்குக்காகக் காத்திருக்காது, இலவசம். மூன்று நாள் தாண்டிவிட்டது என்று வீட்டில் உட்காரவும் வேண்டாம், பரிசோதனையும் ஆலோசனையும் அப்போதும் உண்டு.

அவளை நீதிமன்றத்தில் நிறுத்திக் கத்துவார்கள் என்று பயப்படுகிறீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், வயது கூடி மனவளர்ச்சி அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் இடையாள் வைக்கும்படி அரசு வழக்கறிஞர் கேட்கலாம். பிள்ளை தனி அறையில் இருப்பாள், கேள்வியை அந்த இடையாள்தான் எளிமையாக்கிக் கேட்பார். இதை முதல் நாளே கேட்டு வையுங்கள், யாரும் தானாகச் செய்வார்கள் என்று விடாதீர்கள்.

கே: நான் கோயில் ஞாயிறு வகுப்பில் தொண்டு செய்கிறேன். சந்தேகம் வந்தால் கோயில் கமிட்டியிடம் சொன்னால் போதாதா?

போதாது. குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவில் ஆசிரியர், நர்ஸ், பேச்சுப் பயிற்சியாளர், மதத் தலைவர் எல்லோரும் வருகிறார்கள். நியாயமான காரணம் இருந்தால் அவர்கள் ஃபார்ம் 22இல் எழுதி சமூக வளர்ச்சித் துறைக்கோ, குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ, போலீசுக்கோ கொடுத்தாக வேண்டும். தொண்டர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் சிவில் வழக்குப் போட முடியாது. பாலியல் விஷயம் என்றால் மேலே சொன்ன 54ஆம் பிரிவு உங்களையும் பிடிக்கும். கமிட்டியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளுங்கள். கமிட்டியில் யாருடைய மைத்துனர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கே: போலீசுக்குப் போகிற அளவு தைரியம் இல்லை. போனில் கேட்க முடியுமா?

116, சைல்ட்லைன், கட்டணம் இல்லை. காது கேளாதவர்களும் பேச முடியாதவர்களும் பாலின வன்முறை உதவி மையத்தின் 31531 என்ற எண்ணுக்கு help என்று எஸ்எம்எஸ் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 10111.

கே: புது வேன் டிரைவரை எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், கேளுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்கிறவரின் பெயரைத் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் சரிபார்ப்பது வேலைக்கு வைக்கிறவரின் கடமை. சரிபார்த்தீர்களா என்று பள்ளிக்குக் கடிதமாக எழுதி, பதிலையும் கடிதமாக வாங்குங்கள். ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் இதுவரை பிடிபடவில்லை என்றுதான் அர்த்தம். வேனில் இரண்டாவது பெரியவர் தினமும் இருக்கிறாரா, கடைசியாக இறங்குகிற பிள்ளை யார், அந்தப் பிள்ளை டிரைவரோடு எத்தனை நிமிஷம் தனியாக இருக்கிறது, இதையும் கேளுங்கள்.

கே: என் தம்பிக்குச் சிறு வயதில் நடந்தது. இப்போது அவனுக்கு 34. காலம் தாண்டிவிட்டதா?

இல்லை. பாலியல் குற்றங்களுக்கு இருந்த 20 வருடக் கெடு செல்லாது என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தம்பிக்கு விருப்பமா என்று முதலில் அவரையே கேளுங்கள். அவர் சார்பில் நீங்கள் மட்டும் முடிவு செய்து எழுதியது போல இருக்கிறது கடிதம். அந்த ஆள் இன்னும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இருக்கிறாரா என்பதையும் எழுதவில்லை. இருக்கிறார் என்றால் தம்பி முடிவு எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்காக இன்றைக்கே 116க்குப் பேசுங்கள்.