தமிழ்ப் பெயர்கள் மட்டும் கேள்விக்குறிகளாக வருவது ஏன்?

“திருநெல்வேலியில் எங்கள் கடையில் 58 மிமீ புளூடூத் பிரிண்டர். பில்லில் விலைகள் சரியாக வருகின்றன. ‘பனங்கட்டி’, ‘ஒடியல் மா’ எல்லாம் ‘????’ என்று வருகின்றன. பிரிண்டர் பழுதா?”

பழுது இல்லை. தாளை நகர்த்தும் பீட் பொத்தானை அழுத்தியபடி பிரிண்டரை இயக்கினால் ஒரு சோதனைத் தாள் வெளிவரும். பெரும்பாலும் அதிலேயே, பிரிண்டருக்குத் தெரிந்த எழுத்துத் தொகுதிகளின் பட்டியல் இருக்கும். இவ்வகைச் சிறு பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு பொதுவாக இருப்பதில்லை. இருந்தாலும் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கும் திறன் அவற்றுக்குக் கிடையாது.

ஆகவே தொலைபேசியே பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். பில் போடும் செயலியின் பிரிண்டர் அமைப்பில் படமாக அச்சிடும் தெரிவு இருந்தால் அதை இயக்கி, அகலத்தை 384 புள்ளிகள் என வையுங்கள். தாள் 58 மிமீ ஆனாலும் அச்சாகும் அகலம் 48 மிமீதான். ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள். அத்தெரிவு இல்லையெனில், செயலியை எழுதியவரிடம் இக்கட்டளையைக் காட்டுங்கள்:

```
1D 76 30 00 30 00 64 00
```

இது 48 பைட் அகலமும் 100 வரி உயரமும் கொண்ட ஒரு துண்டுப் படத்துக்கானது. இதைத் தொடர்ந்து 4800 பைட் படத்தரவு செல்ல வேண்டும். நீண்ட பில்லை ஒரே மூச்சில் அனுப்பினால் பிரிண்டரின் சிறிய நினைவகம் நிரம்பிச் சில பைட்டுகள் தவறலாம். அப்போது பாதிப் பில்லுக்குப் பின் படம் பக்கவாட்டில் நகர்ந்தோ, பொருளற்ற எழுத்துகள் கொட்டியோ வரும். அவ்வாறு கண்டால் துண்டுகளைச் சிறிதாக்கி, இடையில் சற்றே தாமதம் விடச் சொல்லுங்கள். படமாக அச்சிடுவது எழுத்தைவிட மெதுவாகவே நடக்கும். மின்கலமும் விரைவில் இறங்கும்.