வெறும் லொறி ஏன் குதிக்கிறது? பிளேட்டைக் கழற்றும் முன் ஒரு கணக்கு

கேள்வி: ஐயா, சுன்னாகத்தில் சின்ன ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சீமெந்து 60 பை ஏற்றிக்கொண்டு போகும்போது லொறி ஆடாமல் அசையாமல் போகிறது. இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போதுதான் ஒழுங்கைக்குள் குதித்துக் குதித்து நாரி விட்டுப்போகிறது. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட்டைக் கழற்றினால் சரிவரும் என்று கராஜில் சொல்கிறார்கள். கழற்றலாமா? காருக்குப் போடுகிற சுருள் ஸ்பிரிங்கை லொறிக்கு ஏன் போடுவதில்லை?

பதில்: கழற்ற வேண்டாம். காரணத்தை உங்கள் 60 பையை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் லொறி வெறுமையாக நிற்கும்போது பின் ஸ்பிரிங் இரண்டும் தாங்குவது ஏறக்குறைய 1000 கிலோ என்று வையுங்கள். 60 பை ஏற்றினால் இன்னும் 3000 கிலோ. அதில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் போகும்தான், ஆனால் பெரும்பகுதி பின்னுக்குத்தான். கணக்குச் சுலபத்துக்கு முழுவதையும் பின்னுக்கே எடுத்தால், ஒரே ஸ்பிரிங் காலையில் 4000 கிலோவையும் மத்தியானம் 1000 கிலோவையும் தாங்க வேண்டியிருக்கிறது. காருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆள் ஏறினாலும் இறங்கினாலும் அதன் பாரம் இந்த அளவுக்கு மாறாது. நான்கு மடங்கு மாறும் சுமைக்கு ஸ்பிரிங் செய்வது வேறு வேலை.

இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 40 கிலோவுக்கு ஒரு மில்லிமீற்றர் அமுங்கும் என்று எடுப்போம். வெறும் லொறிக்கு 25 மில்லிமீற்றர் அமுக்கம், சுமையோடு 100 மில்லிமீற்றர். ஒரு வண்டி செக்கனுக்கு எத்தனை தரம் மேலும் கீழும் ஆடும் என்பதை இந்த அமுக்கம் ஒன்றே தீர்மானிக்கிறது. அமுக்கத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5 ஐப் பிரித்துப் பாருங்கள். சுமையோடு 10 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு 1.6 தரம். மனிதன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் வேகத்துக்குக் கிட்ட வருவதால் அது சொகுசாக இருக்கிறது. வெறுமையாக 2.5 சென்ரிமீற்றர் என்றால் 3.2 தரம். அதே ஸ்பிரிங், அதே வீதி, ஆட்டம் மட்டும் இரண்டு மடங்கு விரைவு. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு செக்கனுக்கு 4 முதல் 8 தரம் வரும் அதிர்வைத்தான் மிகவும் கூடுதலாக உணரும். வெறும் லொறி அந்த எல்லையை நெருங்கி நிற்கிறது. நீங்கள் வாங்கியது பழுதான ஸ்பிரிங் இல்லை, 60 பைக்கென்று செய்த ஸ்பிரிங்.

இப்போது இரண்டு பிளேட்டைக் கழற்றிப் பார்ப்போம். ஒரு பக்கத்து ஸ்பிரிங் கட்டில் எட்டு பிளேட் இருக்கிறது, எல்லாம் ஒரே தடிப்பு என்று வைத்தால், ஆறாகக் குறையும்போது 30 கிலோவுக்கு ஒரு மில்லிமீற்றர் என்ற அளவுக்கு இளகும். வெறும் லொறியின் அமுக்கம் 25 இலிருந்து 33 மில்லிமீற்றராகும். ஆட்டம் 3.2 இலிருந்து ஏறக்குறைய 2.75 ஆகும். உங்கள் நாரிக்குக் கிடைக்கும் இலாபம் அவ்வளவுதான். இனி நட்டத்தைப் பாருங்கள். செசிக்குக் கீழே இருக்கும் ரப்பர் தடுப்புக்கும் அச்சுக்கும் இடையில் வெறுமையில் 120 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது என்று எடுங்கள். முன்பு 60 பை ஏற்றியதும் அது 75 குறைந்து 45 மிஞ்சும். பள்ளம் ஒன்றில் விழுந்தாலும் அமுங்க இடம் இருக்கும். கழற்றிய பின் வெறுமையிலேயே 8 குறைந்துவிடும், சுமை ஏறியதும் இன்னும் 100 குறையும். மிச்சம் 12 மில்லிமீற்றர், அரை அங்குலம்கூட இல்லை. பிறகு ஒவ்வொரு குழியிலும் அச்சு நேராகச் செசியில் அடிக்கும். அந்த அடிக்கு முன்னால் இப்போதைய குதிப்பு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, எட்டுப் பிளேட் பிரித்துத் தாங்கிய சுமையை ஆறு தாங்கும்போது ஒவ்வொன்றிலும் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரும்பு உடனே முறியாது. ஆனால் மீண்டும் மீண்டும் வளைந்து களைக்கும் உருக்கின் ஆயுள் இழுவிசை கூடும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு குறையும். ஒருமுறை இப்படிப் பிளேட் குறைத்திருந்த லொறி ஒன்றின் முறிந்த தலைப் பிளேட்டை, அதாவது கட்டின் நீளமான மேல் பிளேட்டை, கையில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்து, ஓரத்தில் இருந்து அலை அலையாகக் கோடு விழுந்து, துருவேறி இருந்தது. கடைசிக் கால்வாசி மட்டும் சீனி உடைத்ததுபோலப் புதிதாக மினுங்கியது. கறுத்த பகுதி மாதக்கணக்காக மெல்ல வெடித்து வந்தது, மினுங்கிய பகுதி அன்று ஒரே அடியில் போனது. அதற்கு முன்பே யாராவது குனிந்து பார்த்திருந்தால் வெடிப்புக் கண்ணில் பட்டிருக்கும்.

தலைப் பிளேட் முறிவது ஏன் இவ்வளவு பயமான விஷயம்? சுருள் ஸ்பிரிங் ஏன் போடுவதில்லை என்ற உங்கள் கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. லொறியின் பிளேட் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை, அச்சையே பிடித்து வைத்திருப்பதும் அதுதான். தலைப் பிளேட்டின் முன் முனையில் சுருட்டிய கண் செசியில் ஓர் ஆணியால் இடம் மாறாமல் மாட்டியிருக்கும். பின் முனையின் கண் சக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். ஸ்பிரிங் நிமிர்ந்து நீளும்போது சக்கிள் சாய்ந்து இடம் கொடுக்கும். பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்தங்கப் பார்ப்பதும், கியர் போட்டு இழுக்கும்போது அச்சு முறுகப் பார்ப்பதும், வளைவில் பக்கவாட்டில் தள்ளுவதும் எல்லாம் அந்தப் பிளேட்டில்தான் விழும். சுருள் ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் தவிர வேறு வேலை தெரியாது. அதைப் போட்டால் அச்சை முன்பின்னாகப் பிடிக்கத் தனித் தண்டுகளும், பக்கவாட்டில் பிடிக்க இன்னொரு தண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் புஷ்ஷும் வேண்டும். சுமையும் செசியில் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். பிளேட் அதை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் காலத்து வில்லு வண்டிலுக்குப் பெயர் கொடுத்ததும் இதே வில்தான். குறைந்த உருப்படியில் கூடிய பாரம் என்ற கணக்கை அதைவிட நன்றாகத் தீர்க்கும் ஒன்று இந்த அளவு விலையில் இன்னும் வரவில்லை. காற்று நிரப்பும் ஸ்பிரிங் உண்டு. சுமைக்கு ஏற்பக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் வெறுமையிலும் சுமையிலும் கிட்டத்தட்ட ஒரே ஆட்டம்தான். ஆனால் கொம்பிரசர், வால்வு, தனித் தண்டுகள் என்று செலவு ஏறும். உங்கள் ஓட்டத்துக்கு அது தேவையில்லை.

சரி, அப்படியானால் நாரிக்கு என்ன வழி? முதலில், நீங்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மூக்கில்லாத சின்ன லொறியில் சாரதி ஆசனம் முன் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. பின்பக்கம் குதிப்பது செசி வழியாக உங்களுக்கும் வரும்தான், ஆனால் உங்களை நேராக உலுக்குவது முன் ஸ்பிரிங். முன் அச்சின் பாரம் சுமையோடு பெரிதாக மாறாது, அதனால் முன் ஸ்பிரிங் வெறுமையிலும் ஓரளவு இதமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே கடினமாக இருந்தால் ஏதோ இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்தில் அந்த இறுகலுக்குப் பெரும்பாலும் துருதான் காரணம். எந்த ஊரில் நின்றாலும் உப்புக்காற்று அதிக தூரத்தில் இல்லை. பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக வேலை செய்யும். அந்த உராய்வு ஓரளவு நல்லது, ஆட்டத்தை அடக்கும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் எட்டுப் பிளேட்டும் சேர்ந்து ஒரே தடித்த இரும்புத் துண்டாகிவிடும். பெரிய அடி விழுந்தால் மட்டும் அசையும், சின்னக் கல்லும் குழியும் அப்படியே உங்களிடம் வரும். சுமையோடு போகும்போது இது அவ்வளவாகத் தெரியாது, வெறுமையில் நன்றாகத் தெரியும்.

இதைக் கடை முற்றத்திலேயே சோதிக்கலாம், செலவில்லை. லொறியைச் சமமான இடத்தில் நிறுத்தி, பின் அச்சுக்கும் செசிக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். 20 பை ஏற்றுங்கள், அதாவது 1000 கிலோ. மறுபடி அளவுங்கள். மேலே சொன்ன ஸ்பிரிங் என்றால் இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் இறங்கியிருக்கும். பிறகு 20 பையையும் மெதுவாக இறக்கி, லொறியை உலுக்காமல் மூன்றாம் முறை அளவுங்கள். முதல் அளவுக்கும் மூன்றாவது அளவுக்கும் சில மில்லிமீற்றர் வித்தியாசம் இருப்பது இயல்பு. ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டினால் பிளேட்டுகள் ஒட்டிக் கிடக்கின்றன. முன் ஸ்பிரிங்குக்கு, பம்பரில் இரண்டு மூன்று பேரை ஏற்றி இறக்கி இதேபோலப் பார்க்கலாம், அங்கே வரும் அளவுகள் சின்னதாக இருக்கும். கண்ணாலும் ஓர் அடையாளம் தெரியும். நன்றாக வேலை செய்யும் கட்டில் பிளேட் நுனிகளுக்குப் பக்கத்தில் தேய்ந்து மினுங்கிய கோடு இருக்கும். ஒட்டிய கட்டில் அந்த இடத்தில் செங்கல் தூள்போலத் துரு கசிந்திருக்கும்.

அப்படி இருந்தால் கட்டைக் கழற்றிப் பிரியுங்கள். கம்பித் தூரிகையால் ஒவ்வொரு பிளேட்டையும் சுத்தம் செய்து, நடுத் துளையைச் சுற்றியும் கண்ணின் வளைவிலும் யூ போல்ற் பிடிக்கும் ஓரத்திலும் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெடித்ததை மாற்றுங்கள், ஒட்டுவேலை பார்க்காதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும், அதற்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். திரும்பப் பூட்டும்போது பிளேட்டுகளுக்கிடையே கிராபைட் கிறீஸை மெல்லியதாகப் பூசினால் போதும். சக்கிள் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அதே வேளையில் மாற்றிவிடுங்கள். சொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும்தான், செத்த சொக் அப்சோபரோடு எந்த ஸ்பிரிங்கும் குதிக்கும்.

பழைய லொறி வாங்கியவர் என்றால் இன்னொன்றைப் பாருங்கள். மேலே துணை ஸ்பிரிங் இருந்தால், வெறுமையில் அதன் நுனிகள் செசியில் உள்ள தாங்கிகளைத் தொடக்கூடாது. சுமை ஏறிய பின்தான் தொட வேண்டும். முன்னைய சொந்தக்காரர் கூடச் சுமை ஏற்றுவதற்காக ஒரு பிளேட்டைச் சேர்த்தோ கட்டை வைத்தோ அதை எப்போதும் தொடுகிறமாதிரி விட்டிருந்தால், நீங்கள் நாள் முழுக்க இரண்டு ஸ்பிரிங்கின் மேல் வெறுமையாக ஓடுகிறீர்கள். கழற்றத் தகுந்த பிளேட் அது ஒன்றுதான். லொறியின் மொடல் இலக்கத்தோடு பாகக் கடையில் கேட்டால், கட்டில் எத்தனை பிளேட் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உண்மையிலேயே வெறும் ஓட்டம் கூடுதல் என்றால், உங்கள் மொடலுக்கு வருமானால் பரபோலிக் ஸ்பிரிங் பாருங்கள். அதில் இரண்டு மூன்று பிளேட்டுகள்தான். பனை மட்டை அடியில் தடித்து நுனிக்கு மெலிவதுபோல ஒவ்வொன்றும் நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும். நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு குறைவு, சின்ன அதிர்வை நன்றாக உறிஞ்சும். ஆனால் பிளேட் குறைவாக இருப்பதால் ஒன்று முறிந்தாலும் இழப்புப் பெரிது, கூடச் சுமை ஏற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். 60 பைக்குள் நிற்பீர்கள் என்றால் பரவாயில்லை.

எந்த வேலை செய்தாலும் யூ போல்ற்றைப் பழையதைப் போடாமல் புதிதாகவே போடுங்கள். முதல் இரண்டு மூன்று லோட் போய்வந்ததும் சுமையோடு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பிளேட்டுகள் படிந்து அமரும்போது போல்ற் தளரும். தளர்ந்தால் வளைவு முழுவதும் நடுத் துளையில் விழும், பிளேட் அந்த இடத்தில்தான் முறியும்.