'ரீசன் இஸ் பிகாஸ்': இலக்கணப் பிழையா, டபுள் வேலையா?

கேள்வி: "ஆபீஸ் மெயில்ல 'தி ரீசன் இஸ் பிகாஸ்'னு எழுதினேன், மேனேஜர் அடிச்சு திருத்திட்டார். நிஜமாவே தப்பா? ஃபார்மல் இங்கிலீஷ்ல அப்படியே விடலாமா?"

தப்புன்னு சொல்றவங்க ரெண்டு கட்சி, ரெண்டு பேரும் சொல்ற காரணம் வேற வேற, அத தனித்தனியா பாத்தாதான் தெளிவாகும்.

முதல் கட்சி இலக்கணம் பேசும். 'ரீசன் இஸ்'னு சொன்னா அதுக்கப்புறம் பெயர்ச்சொல் மாதிரி ஒண்ணு வரணும், 'பிகாஸ்'ல ஆரம்பிக்கிற துணை வாக்கியம் வினையடை மாதிரி வேலை செய்யறது, அதுக்கு அங்க இடமில்லன்னு சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிக்காது. 'திஸ் இஸ் பிகாஸ் த ரோட் வாஸ் க்ளோஸ்ட்'னு எழுதுங்க, எந்த எடிட்டரும் கை வைக்க மாட்டார். அங்கயும் 'இஸ்' பக்கத்துலயேதான் 'பிகாஸ்' உக்காந்திருக்கு.

ரெண்டாவது கட்சி சொல்றதுதான் கொஞ்சம் வலு உள்ளது: 'ரீசன்'லயே காரணம் வந்துடுச்சு, 'பிகாஸ்'ல திரும்பவும் வருது. நம்ம 'நடு சென்டர்' கேஸ்தான். நன்னூல் பாஷைல கூறியது கூறல். ஆனா இதுவும் நேத்து வந்த பழக்கம் இல்ல, 18ஆம் நூற்றாண்டுலயே ஜோனதன் ஸ்விஃப்ட் சந்தோஷமான கல்யாணம் ஏன் கம்மின்னு எழுதும்போது 'தி ரீசன் ஒய்'னு ஆரம்பிச்சு 'இஸ் பிகாஸ்'னு போறார், அதாவது ரெண்டு தடவை இல்ல மூணு தடவை. 1926ல ஃபௌலர் தன்னோட இங்கிலீஷ் யூசேஜ் புக்ல இத கண்டிச்சார், மெரியம் வெப்ஸ்டர் அகராதியோ 'பிகாஸ்'க்கு 'தட்'ங்கற அர்த்தத்தையும் சேத்தே குடுத்திருக்கு.

சோ என் பதில்: பேச்சுல, சாட்ல தாராளமா விடுங்க. ஃபார்மல் லெட்டர், ரிப்போர்ட், தீசிஸ்னா மாத்திடுங்க. இலக்கணத்துக்காக இல்ல, மாத்தறதுக்கு ஒரு வார்த்தைதான் செலவு, மாத்தலேன்னா அந்த ரூல் தெரிஞ்ச ஆளு அங்கயே நின்னுடுவார், நீங்க சொல்ல வந்த விஷயத்த விட்டுட்டு. அப்புறம் போட்டித் தேர்வுல 'பிழையைக் கண்டுபிடி' பகுதில இது வந்தா பிழைன்னே டிக் பண்ணுங்க, அங்க போய் ஸ்விஃப்ட்ட சாட்சிக்கு கூப்பிட முடியாது.

எப்படி மாத்தறதுன்னு ஒரு வாக்கியத்துல பாப்போம்: 'தி ரீசன் ஒய் த ஷிப்மென்ட் வாஸ் டிலேய்ட் இஸ் பிகாஸ் த ஃபார்ம் வாஸ் நாட் சைன்ட்.' சின்ன வைத்தியம், 'பிகாஸ்'ஸ எடுத்துட்டு 'தட்' போடறது. 'ஒய்' இருக்கலாம், எடுக்கலாம், 'ரீசன் ஒய்' மேல இப்ப பெருசா யாரும் சண்டைக்கு வரதில்ல. பெரிய வைத்தியம், 'ரீசன்'னையே தூக்கிடறது: 'த ஷிப்மென்ட் வாஸ் டிலேய்ட் பிகாஸ் த ஃபார்ம் வாஸ் நாட் சைன்ட்.' நீளம் குறையுது, முக்கியமான விஷயம் முன்னாடி வருது. 'தி ரீசன் இஸ் ட்யூ டு'ன்னு எழுதறவங்களுக்கும் இதே மருந்துதான்.

ஆனா எல்லா எடத்துலயும் 'ரீசன்'ன தூக்கிடாதீங்க, இங்கதான் நெறைய பேர் ஓவரா திருத்தி கெடுக்கறாங்க. 'ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹிஸ் சேலரி வாஸ் லோ'ன்னு ஒரு வாக்கியம். இதுக்கு என்ன அர்த்தம்? வேலைய விட்டார், ஆனா சம்பளம் காரணம் இல்லன்னும் படிக்கலாம். வேலையவே விடல, அதுக்கு காரணமே கம்மி சம்பளம்தான்னும் படிக்கலாம் (கம்மி சம்பளத்துல சேமிப்பு இல்ல, எப்படி விடறது). முன்னாடி ஒரு 'நாட்' வந்தாலே 'பிகாஸ்' இப்படி ரெண்டு பக்கமும் சாயும். கமா போட்டா ஓரளவு சரியாகும், ஆனா கமாவ யாரு கவனிச்சு படிக்கறா. 'தி ரீசன் ஹி டிட் நாட் ரிசைன் இஸ் தட் ஹிஸ் சேலரி வாஸ் லோ'ன்னு போட்டா ரெண்டாவது அர்த்தம் மட்டும்தான் நிக்கும். மொதல் அர்த்தம் வேணும்னா 'ஹி ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் ஹிஸ் சேலரி வாஸ் லோ'ன்னு ஒடச்சு எழுதிடுங்க. அதே மாதிரி பல காரணத்துல ஒண்ண மட்டும் சொல்றப்போ 'ஒன் ரீசன் இஸ் தட்' அவசியம் வேணும், வெறும் 'பிகாஸ்' போட்டா அது ஒண்ணுதான் காரணம்ங்கற மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, 'ஆல்தோ'ல ஆரம்பிச்சு நடுவுல 'பட்' போடறதையும் சில பேர் இதே லிஸ்ட்ல சேக்கறாங்க. அது வேற கேஸ். 'ஆல்தோ' ஏற்கனவே ரெண்டு வாக்கியத்தையும் சேத்துக் கட்டிடுச்சு, 'பட்' வந்து திரும்ப கட்டினா இன்னைக்கு இங்கிலீஷ்ல வாக்கிய அமைப்பே தப்பு, ஃபார்மலோ இல்லையோ அத எடுத்தே ஆகணும்.