வெயிலில் வீடு சேரும் இறைச்சி: வாசகர் கேள்விகள்

ஜெலுத்தோங் சந்தையில் காலை எட்டு மணிக்குக் கோழி வாங்கி, அப்படியே ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறோம். பரவாயில்லையா?

பச்சை இறைச்சி குளிர் இல்லாமல் மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுக்கணக்கு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நீங்கள் எட்டு மணியிலிருந்து எண்ணுகிறீர்கள், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. விடியற்காலையில் அறுத்த கோழி, ஐஸ் இல்லாத பலகையில் அதற்கு முன்பே கிடந்திருக்கும். எவ்வளவு நேரம் என்பது கடைக்காரருக்கே சரியாகத் தெரியாது. அதனால் உங்கள் பங்கைச் சுருக்குங்கள். பசியாறல் முதலில், காய்கறி அடுத்து, கோழியும் மீனும் கடைசியில். வாங்கி அரை மணிக்குள் ஐஸ்பெட்டிக்கோ அடுப்புக்கோ போய்விட வேண்டும். ரொட்டி சானாய் எங்கும் ஓடிவிடாது.

கூலர் பை வைத்திருக்கிறேன். அது போதாதா?

பை எதையும் குளிர வைக்காது. உள்ளே போன சூட்டையோ குளிரையோ வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அறுத்த சூடு ஆறாத கோழியை வெறும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தால், பிளாஸ்க்கில் ஊற்றிய தேநீர் மாதிரி அந்தச் சூடு அப்படியே நிற்கும். பாக்டீரியாவுக்கு அதைவிட வசதி வேறில்லை. சாதகமான சூட்டில் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

முந்தைய இரவே உறைய வைத்த ஐஸ் பேக் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று அடியில், ஒன்று மேலே. குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் மேலே இருப்பதுதான் அதிகம் வேலை செய்யும். கோழியைத் தனிப் பையில் கட்டிப் போடுங்கள், நீர் கசிந்து கீரையில் படக் கூடாது. பையில் வெற்றிடம் இருந்தால் பழைய நாளிதழைத் திணியுங்கள்.

கோலாலம்பூரில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிவிட்டு வேறு கடைக்கும் போக வேண்டியிருக்கிறது. காரில் வைக்கலாமா?

வேண்டாம். நண்பகல் வெயிலில் மூடிய காரின் உள்ளே கொஞ்ச நேரத்திலேயே 50 டிகிரியை நெருங்கும். வேறு கடைக்கு முதலில் போங்கள். வீட்டுக்குப் போகும்போதும் பையைக் காரின் பின்பெட்டியில் போடாமல், ஏர்கான் படும் இருக்கைப் பக்கம் வையுங்கள்.

வாடை இல்லை, நன்றாக வேகவைத்துவிட்டால் சரிதானே?

வாடையை நம்ப முடியாது. நோய் தரும் கிருமிகள் வாடை வராமலே பெருகும். வேகவைத்தால் அவை சாகும், ஆனால் சில கிருமிகள் முன்பே விட்டுப்போன நஞ்சு கொதியிலும் அழியாது. கெம்போங், சூரை போன்ற மீன்களில் இது இன்னும் கறார். சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்டதும் நாக்கில் காரம் போலச் சுள்ளென்று இருந்து, சற்று நேரத்தில் முகம் சிவந்து தலை வலித்தால், "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன மீன், எங்கே வாங்கியது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.