412 புள்ளிகள், 431 மொத்தம்: கணக்கு எங்கே பிசகுகிறது?

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் பதிவான 412 மண்சரிவுச் சம்பவங்களுக்கு ஜிபிஎஸ் புள்ளிகள் இருக்கின்றன. கிராம அலுவலர் பிரிவு எல்லைக் கோப்பும் இருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் எல்லைகளோடு புள்ளிகளை இணைத்து, பிரிவுவாரியாக எண்ணிக் கூட்டினால் 431 வருகிறது. 19 சம்பவம் எங்கிருந்து வந்தது? சம்பவமே நடக்காத பிரிவுகள் அட்டவணையில் இல்லாமலும் போய்விட்டன.

பதில்: நீங்கள் அனுப்பிய கோப்புகளை ஓட்டிப் பார்த்தேன். கூடியிருப்பது 19 அல்ல, 25. ஆறு புள்ளிகள் எந்தப் பிரிவிலும் விழாமல் வெளியே நிற்கின்றன. மீதி 406 தான் உள்ளே விழுந்தவை. அவற்றில் சில இரண்டு முறை எண்ணப்பட்டு 431 ஆகியிருக்கின்றன. குறைந்ததும் கூடியதும் ஒன்றையொன்று மறைத்துவிட்டதால்தான் 19 என்று தெரிகிறது. மொத்தத்தை மட்டும் ஒப்பிடுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஆறு வெளியே போய் ஆறு மட்டும் இரட்டித்திருந்தால் 412 என்றே வந்திருக்கும், நீங்களும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் இணைக்கும் திசையை மாற்றுங்கள். `Join attributes by location` கருவியில் எல்லைகளை மேலே கொடுத்திருக்கிறீர்கள். புள்ளிகளை `Join to features in` இடத்திலும், எல்லைகளை `By comparing to` இடத்திலும் கொடுங்கள். `intersect`, `one-to-many` இரண்டும் அப்படியே இருக்கட்டும். `Discard records which could not be joined` என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பூச்சியப் பிரிவுகளை விழுங்கியது அதுதான். இப்போது ஒவ்வொரு சம்பவமும் தன் பிரிவின் குறியீட்டைச் சுமந்துகொண்டு வரும். குறியீடு வெறுமையாக இருந்தால் அது வெளியே நிற்பது. ஒரே சம்பவ எண் இரண்டு வரிசையில் இருந்தால் அது இரட்டித்தது. இரட்டித்தவற்றைத் தேர்ந்தெடுக்க இந்த வரி போதும்:

```
count("id", group_by:="id") > 1
```

புள்ளி சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே விழுந்ததால் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கும் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஜிபிஎஸ்ஸில் எடுத்த புள்ளி, தசமத்தின் கடைசி இலக்கம் வரை கோட்டோடு பொருந்துவது மிக அபூர்வம். இத்தனை இரட்டிப்பு வந்தால் சந்தேகப்பட வேண்டியது புள்ளியை அல்ல, எல்லைக் கோப்பை.

உங்கள் கோப்பில் இரட்டித்த 25 இல் 21, பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகள் இரண்டுக்குள்ளேயே வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓயா ஓடுகிறது. அந்தப் பக்கப் பிரிவின் எல்லையை ஓயாவின் இந்தக் கரையிலும், இந்தப் பக்கப் பிரிவின் எல்லையை அந்தக் கரையையும் தாண்டிப் பாதை வரைக்கும் வரைந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நாடா போல இரண்டு பிரிவும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது. பாதையும் அதற்குள் வருவதால், பாதையோரம் சரிந்த மண்மேடுகள் எல்லாம் அந்த நாடாவுக்குள் சிக்கிக்கொண்டன. மீதி நான்கும் வேறு கதை: ஒரு பிரிவின் உருவம் கோப்பில் இரண்டு தடவை இருக்கிறது, குறியீடும் ஒன்றே.

`Check validity` இந்த இரண்டையும் காட்டாது. ஒவ்வோர் உருவமும் தனித்தனியே ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். `Topology Checker` செருகுநிரலில் `must not overlap`, `must not have duplicates` என்ற விதிகளைப் போட்டு ஓட்டுங்கள். இரட்டை உருவத்தை `Delete duplicate geometries` நீக்கிவிடும். நாடாவைக் கையால்தான் திருத்த வேண்டும்: செய்மதிப் படத்தை அடியில் வைத்து, ஓயாவின் நடுவை ஒட்டி இரண்டு எல்லைகளையும் ஒரே கோடாக்குங்கள். எல்லை ஓயாதானா என்பதைப் பிரதேச செயலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

குறுக்கு வழி ஒன்று உங்கள் கண்ணில் படும்: `one-to-one` என்று மாற்றிவிட்டால் மொத்தம் அழகாக 406 ஆகிவிடும். தயவுசெய்து வேண்டாம். கருவிக்கு முதலில் அகப்பட்ட பிரிவுக்கு 21 சம்பவமும் போய்ச் சேரும், அது சரியான பிரிவா என்று யாருக்கும் தெரியாது.

வெளியே நிற்கும் ஆறில் நான்கு, கினிகத்தேனைக்கு அப்பால் கித்துல்கலப் பக்கம் இருக்கின்றன. அது கேகாலை மாவட்டம், அவை வெளியே இருப்பதே சரி. மற்ற இரண்டும் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில். உங்கள் எல்லைக் கோப்பில் நீர்ப்பரப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள், அதனால் கரையோரப் புள்ளிகள் ஓட்டைக்குள் விழுந்துவிட்டன. இவற்றைச் சம்பவப் படிவத்தில் எழுதியுள்ள பிரிவுக்கே கொடுத்துவிடலாம்.

எல்லையைத் திருத்திய பிறகு `Count points in polygon` கருவியை ஓட்டுங்கள். `NUMPOINTS` என்ற நிரலில் பூச்சியம் உட்பட எல்லாப் பிரிவுக்கும் எண் வரும். கூட்டுத்தொகை 406, கரையோர இரண்டையும் சேர்த்தால் 408, கேகாலை நான்கோடு 412. பெயரை வைத்துத் தொகுக்க வேண்டாம், குறியீட்டை வைத்தே தொகுங்கள்; ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

கணக்கு நேரானபின்பும் மலையகத்தில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் பழைய பதிவுகளில் ஆள்கூறு பாகையில் இல்லை, இலங்கைக் கட்டத்தில், அதாவது `EPSG:5235` இல் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் மையம் பிதுருதலாகலை. அங்கே கிழக்கு, வடக்கு இரண்டும் 500000. ஆகவே நம் பக்கத்து இடங்களுக்கு இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். ஹட்டன் நகரம் ஏறத்தாழ 480500, 488000. இரண்டையும் யாராவது இடம் மாற்றித் தட்டிவிட்டால் புள்ளி கடலில் விழாது. பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்து பொகவந்தலாவைப் பக்கம் போய் உட்காரும். மாவட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது, மொத்தமும் மாறாது. பாகையில் இதே தவறு நடந்தால் புள்ளி வடதுருவப் பக்கம் போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும். இதைப் பிடிக்க ஒரே வழி, இணைப்பில் வந்த பிரிவுப் பெயரையும் படிவத்தில் அலுவலர் எழுதிய பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எழுத்து வேறுபாடுகளைத் தள்ளிவிட்டு, ஊரே மாறியவற்றை மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை மேல் 11 புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? அங்கே 11 தடவை மண் சரியவில்லை. படிவத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்ததால், பதிந்தவர் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் குத்திவிட்டார். அந்தத் தோட்டத்தின் லயங்கள் மூன்று கிராம அலுவலர் பிரிவுகளில் பரவிக் கிடக்கின்றன. உங்கள் வரைபடத்திலோ தொழிற்சாலை இருக்கும் பிரிவு மட்டும் சிவந்து தெரிகிறது. எந்த லயத்துக்குப் பின்னால் சரிந்தது என்று தோட்டத்தில் கேட்டுப் புள்ளியை நகர்த்துங்கள். தெரியாதவற்றைப் பிரிவு வரைபடத்தில் சேர்க்காமல், பிரதேச செயலகப் பிரிவு மொத்தத்தில் மட்டும் சேருங்கள். மூன்று பிரிவும் ஒரே பிரதேச செயலகத்துக்குள் வருவதால் அந்த எண் கெடாது.