நோயாளியின் கையைக் கட்டிலோடு கட்டினால் படிவத்தில் என்ன எழுத வேண்டும்? மூத்த செவிலியரிடம் கேள்விகள்

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், தண்டையார்பேட்டை): சிஸ்டர், காரணம் என்ற கட்டத்தில் 'வயலண்ட்' என்று எழுதினால் சூப்பரின்டெண்டென்ட் திருப்பி அனுப்புகிறார். வேறு எப்படி எழுதுவது?

திருப்பி அனுப்பியது சரிதான். அந்தச் சொல் நோயாளியைத் திட்டுகிறதே தவிர, என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

ஓர் உதாரணம். காசிமேட்டில் மீன் கூடை ஏற்றுபவர், கால் முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்தவர். குடி திடீரென நின்றதால் மூன்றாம் நாள் இரவு மனக்குழப்பம். காரணம் இப்படி இருக்க வேண்டும்: "இரவு 11.10. சலைன் ஊசியை இரண்டு முறை பிடுங்கினார். ரத்தக் கசிவு. அறுவை செய்த காலை ஊன்றி இறங்க முயல்கிறார். தான் படகில் இருப்பதாகச் சொல்கிறார்." படித்த யாருக்கும், கட்டாமல் விட்டால் உடனே என்ன ஆபத்து என்பது புரியும்.

கேள்வி (பயிற்சி மருத்துவர், ராயபுரம்): 'மாற்று வழிகள் முயன்று பலனில்லை' என்று ஒரே வரியில் எழுதினால் போதாதா?

போதாது டாக்டர். எதை, எத்தனை மணிக்குச் செய்தீர்கள், என்ன ஆனது என்பது வேண்டும். அதே நோயாளிக்கு: "11.15 ரத்தச் சர்க்கரை 112, ஆக்சிஜன் 96. 11.20 சிறுநீர்க் குழாய் சரிபார்க்கப்பட்டது, அடைப்பில்லை. 11.25 மனைவி அருகில் அமர்த்தப்பட்டார், விளக்கு போடப்பட்டது. ஐந்து நிமிடம் அமைதி, மறுபடி எழுந்தார். 11.30 லோராசெபாம் 2 மி.கி. நரம்பு வழி. 11.45 மாற்றமில்லை." அதற்குப் பிறகுதான் மருத்துவர் நேரில் பார்த்து, இரண்டு மணிக்கட்டுகளை மட்டும் கட்ட உத்தரவு எழுதினார்.

சிறுநீர்க் குழாய் வரியை அற்பமாக நினைக்காதீர்கள். குழாய் தொடைக்கடியில் மடங்கி, மூத்திரப்பை நிரம்பித் துடிப்பவரை வெறி பிடித்தவர் என்று கட்டிவிடுவது வார்டுகளில் நடக்கிறது. குழாயை நிமிர்த்தினால் கயிறே வேண்டியிருக்காது.

கேள்வி (ஆண் செவிலியர், பெரம்பூர்): கட்டியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் சரி என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்?

பாதி சரி, தம்பி. இரண்டு மணி நேரக் கணக்கு, கட்டை ஒவ்வொரு கையாக அவிழ்த்து, கையை அசைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கம் திருப்பிப் படுக்கவைப்பதற்கு. கண்காணிப்பு அதைவிட நெருக்கமாக வேண்டும். பதற்றத்தில் இருப்பவரைப் பல மருத்துவமனைகளில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதுகிறோம். மூச்சு, விரல் நுனியின் நிறமும் சூடும், மணிக்கட்டுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்பது. மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுதான் முதல். குப்புறப் படுக்கவைத்துக் கட்டவே கூடாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் போடாதீர்கள், கட்டில் சட்டத்தில் போடுங்கள்.

எட்டு வரிசையிலும் ஒரே பேனா, ஒரே எழுத்து, ஒரே "நன்று" என்றிருந்தால், விடியற்காலையில் உட்கார்ந்து நிரப்பியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கேள்வி (இல்லத்தரசி, வியாசர்பாடி): என் மாமியார் மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார். வீட்டில் துப்பட்டாவால் கட்டிவைக்கிறோம். படிவம் எங்கே கிடைக்கும்?

படிவம் மருத்துவமனைக்குரியது அம்மா. துப்பட்டாவை இன்றே நிறுத்துங்கள். அது இறுகி விரலைக் கறுக்கவைக்கும். பருத்திக் கையுறை, குழாயைக் கன்னத்தில் ஒட்டும் விதம் ஆகியவற்றைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். குழாய் இன்னும் தேவையா என்பதையே முதலில் கேளுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை நர்ஸ் மீண்டும்): அந்த மீன் கூடை ஏற்றுபவரை எப்போது அவிழ்த்தீர்கள்?

12.50க்குக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், பெயர் சொன்னார். ஒரு கை அவிழ்த்தோம். 1.15 வரை ஊசியைத் தொடவில்லை, மறு கையும் அவிழ்த்தோம். மணிக்கட்டில் லேசான சிவப்பு, தோல் கிழியவில்லை. அதையும், அவிழ்த்தவர் பெயரையும் எழுதினோம். இந்தக் கட்டம்தான் அடிக்கடி காலியாகக் கிடக்கிறது. காலியாக விட்டால், காலையில் படிப்பவருக்கு அவர் இரவு முழுதும் கட்டுண்டு கிடந்ததாகவே பொருள். 3 மணிக்கு மறுபடி கட்ட நேர்ந்தால் பழைய உத்தரவு செல்லாது. புதிய காரணம், புதிய படிவம். "தேவைப்பட்டால் கட்டவும்" என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உத்தரவை நான் ஏற்பதில்லை.

கேள்வி (நோயாளியின் மகன், கொருக்குப்பேட்டை): அப்பாவைக் கட்டியதை எங்களிடம் சொல்லவே இல்லை. கேட்டால் ஆள் பற்றாக்குறை என்றார்கள். இது நியாயமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 97, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்கிறது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆனால் அது மனநல நிலையங்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு. எலும்பு வார்டில் குழப்பத்தில் கிடப்பவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கேள்வி (பெரம்பூர் செவிலியர்): சட்டம் சரி, சிஸ்டர். இரவில் முப்பது கட்டிலுக்கு நான் ஒருவன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை யார் பார்ப்பது?

அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. கட்டிய நோயாளியை நர்சிங் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பார்க்க முடியாத நேரத்தை இட்டு நிரப்பாதீர்கள், "12.15 மற்றொரு நோயாளிக்கு அவசர சிகிச்சை, பார்க்க இயலவில்லை" என்று உண்மையை எழுதுங்கள். மேலிடம் ஆள் போட வேண்டும் என்று வாதாட அந்த வரிதான் உங்களிடம் இருக்கும் ஆவணம்.